எரிந்தது எவ்வளவு? தீக் காப்பீட்டு பாலிசியும் நடுவர் ஷரத்தும்

(ஜவுளி வணிகர்களும் கணக்காளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடோனில் தீப்பிடித்த பிறகு வணிகருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே இரண்டு வகைச் சண்டைகள் வரலாம். "பணம் தரவே மாட்டோம்" என்று நிறுவனம் சொல்வது ஒரு வகை. "தருகிறோம், ஆனால் நீங்கள் கேட்கிற அளவுக்குத் தர முடியாது" என்பது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பணத்துக்கான சண்டைதான். பழைய பாலிசியோ இரண்டையும் வெவ்வேறு வழிகளில் அனுப்புகிறது. முதல் வகைக்கு நீதிமன்றம் அல்லது நுகர்வோர் ஆணையம். இரண்டாம் வகைக்கு நடுவர், அதாவது ஆர்பிட்ரேஷன். எந்தச் சண்டை எந்த வழிக்கு உரியது என்று பிரிக்கத் தெரியாததால் பல வணிகர்கள் வருடக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள். அந்தப் பிரிவையும், தொகை பற்றிய சண்டை உண்மையில் எதைப் பற்றியது என்பதையும் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கிய தீக் காப்பீடு 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ் பாலிசி'. அதன் 13-ஆம் நிபந்தனைதான் நடுவர் ஷரத்து. அது மூன்று செய்திகளைச் சொல்கிறது. பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, தொகையில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தால் விஷயம் நடுவரிடம் போக வேண்டும் என்பது முதலாவது. பொறுப்பையே நிறுவனம் மறுத்திருந்தால் நடுவரிடம் போக முடியாது என்பது இரண்டாவது. நடுவர் தொகையை முடிவு செய்த பிறகே வழக்குத் தொடுக்கும் உரிமை பிறக்கும் என்பது மூன்றாவது.

மூன்றாவது செய்திக்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான வேர் உண்டு. 1856-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 'ஸ்காட் எதிர் ஏவரி' என்ற வழக்கைத் தீர்த்தது. கப்பல் காப்பீடு பற்றிய வழக்கு அது. நீதிமன்றத்துக்கே போகக் கூடாது என்று ஒப்பந்தம் போட முடியாது. ஆனால் நடுவர் முதலில் தொகையை நிர்ணயிக்கட்டும், பிறகு வழக்கு என்று ஒப்பந்தம் போடலாம் என்று அந்தச் சபை சொன்னது. சரக்கின் மதிப்பு, சேதத்தின் அளவு போன்ற கணக்குகளைத் தொழில் தெரிந்தவர் பார்ப்பதே மேல் என்ற எண்ணத்தில் காப்பீட்டுத் துறை இந்த முறையைக் கைக்கொண்டது. அது அப்படியே நம் பாலிசிகளுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த ஷரத்தை நம் உச்ச நீதிமன்றம் மிகக் கண்டிப்பாகப் படித்திருக்கிறது. 1975-இல் 'வல்கன் இன்சூரன்ஸ் எதிர் மகாராஜ் சிங்' வழக்கில், நிறுவனம் கிளெய்மை முழுதாக மறுத்துவிட்டால் நடுவர் ஷரத்துக்கு வேலையே இல்லை என்றது. 2018-இல் 'ஓரியண்டல் இன்சூரன்ஸ் எதிர் நர்பேராம் பவர் அண்ட் ஸ்டீல்' வழக்கிலும் அதையே உறுதி செய்தது. 2013-இல் ஒடிசாவைத் தாக்கிய பைலின் புயலில் சேதமடைந்த ஒரு தொழிற்சாலையின் கிளெய்ம் அது. நிறுவனம் கிளெய்மை மறுத்தது. தொழிற்சாலை நடுவரைக் கேட்டது. உயர் நீதிமன்றம் நடுவரை நியமித்தது. உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. அதுவரை செலவான காலமெல்லாம் தவறான வாசலில் நின்ற காலம்.

அந்தக் காலம் வீணாவதோடு நிற்பதில்லை. அதே பாலிசியின் 6-ஆம் நிபந்தனை, நிறுவனம் பொறுப்பை மறுத்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் வழக்குப் போடாவிட்டால் கிளெய்மைக் கைவிட்டதாகவே கருதப்படும் என்கிறது. ஆகவே மறுப்புக் கடிதம் கையில் வந்த பிறகு நடுவர் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

எந்தக் கடிதம் மறுப்பு, எந்தக் கடிதம் தொகைத் தகராறு என்று எப்படிக் கண்டுகொள்வது? ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எல்லா எண்களிலும் இரு தரப்பும் ஒத்துப்போய்விட்டதாக வைத்துக்கொண்டால், தகராறு தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் அது தொகைத் தகராறு. எண்கள் ஒத்துப்போன பிறகும் "ஆனால் இது பாலிசியில் வராது" என்று நிறுவனம் சொல்லும் என்றால் அது பொறுப்புத் தகராறு.

சிக்கல் பெரும்பாலும் நடுவில்தான் வருகிறது. நிறுவனம் கிளெய்மை ஏற்கிறது; ஆனால் "பின்புறக் கொட்டகையில் இருந்த பேல்கள் பாலிசி அட்டவணையில் உள்ள முகவரியில் இல்லை, அவற்றுக்கு ஒன்றும் கிடையாது" என்கிறது. மொத்தக் காசோலையில் பார்த்தால் தொகை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கேள்வியை வைத்துப் பார்த்தால் அந்தப் பேல்களைப் பொறுத்தவரை இது பொறுப்பு மறுப்பு. இப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே தொகைத் தகராறையும் மறுப்பையும் தனித்தனிப் பத்திகளாகப் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து நடுவரைக் கேட்டால், முழு விஷயமுமே நடுவருக்கு உரியதல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்தவர்களாவோம்.

இனி தொகைக்கு வருவோம். தொகை என்பது ஒற்றை எண்ணாகத் தெரிந்தாலும், அதற்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அன்று குடோனில் இருந்த சரக்கு எவ்வளவு? அதன் மதிப்பு என்ன? தீயில் தப்பிய சேதச் சரக்கை, அதாவது சால்வேஜை, விற்றால் என்ன கிடைக்கும்? கடைசியாக, காப்பீட்டுத் தொகை போதுமான அளவுக்கு இருந்ததா? இந்தக் கடைசிக் கேள்விதான் ஆவரேஜ் என்கிற விகிதக் கழிவு. சரக்கின் மொத்த மதிப்பு காப்பீட்டுத் தொகையை விட அதிகமாக இருந்தால், மிச்சத்துக்கு வணிகரே தனக்குத்தானே காப்பீடு செய்துகொண்டதாகப் பாலிசி கருதுகிறது. நஷ்டத்தில் அந்த விகிதத்தை அவரே சுமக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டது இது. ஈரோட்டில் ஒரு துணி மொத்த வியாபாரி. 2019-இல் எடுத்த பழைய வகை பாலிசி. சரக்குக்கான காப்பீட்டுத் தொகை 1 கோடியே 20 லட்சம். மின்கசிவால் தீ. நிறுவனம் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. எரியாமல் தப்பிய சரக்கை எண்ணிப் பார்த்ததில் 60 லட்சம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எரிந்து சாம்பலானதை எண்ண முடியாது. அதைக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் வருவிக்க வேண்டும்.

வருவிக்கும் முறை இது. வருடத் தொடக்கத்தில் சரக்கு 80 லட்சம். தீ பிடித்த நாள்வரை கொள்முதல் 4 கோடியே 10 லட்சம். கூட்டினால் 4 கோடியே 90 லட்சம். அதே காலத்தில் விற்பனை 4 கோடி. விற்பனையில் லாபமும் கலந்திருப்பதால், லாபத்தைக் கழித்தால்தான் விற்ற சரக்கின் அடக்க விலை தெரியும். அதை 4 கோடியே 90 லட்சத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது அன்றைய சரக்கு இருப்பு.

லாபம் எத்தனை சதவீதம் என்பதில்தான் சண்டை தொடங்குகிறது. வியாபாரி 15 சதவீதம் என்கிறார். அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 3 கோடியே 40 லட்சம், இருப்பு 1 கோடியே 50 லட்சம், எரிந்தது 90 லட்சம். சர்வேயர் 10 சதவீதம் என்கிறார். அப்படியானால் அடக்கம் 3 கோடியே 60 லட்சம், இருப்பு 1 கோடியே 30 லட்சம், எரிந்தது 70 லட்சம். ஐந்து சதவீத வித்தியாசத்தில் 20 லட்ச ரூபாய் சரக்கு இருக்கிறது அல்லது இல்லாமல் போகிறது. வருமான வரிக்காக லாபத்தைக் குறைத்துக் காட்டிய வருடங்கள் இருந்தால், அந்தக் குறைந்த லாபம் தீ விபத்தன்று எரிந்த சரக்கையும் குறைத்துவிடும். இதை உங்கள் கணக்காளரிடம் அவசியம் பேசுங்கள்.

சர்வேயர் தொடர்கிறார். எரிந்ததில் பழைய, விலைபோகாத சரக்கு என்று பத்தில் ஒரு பங்கைக் கழிக்கிறார்: 7 லட்சம். மிச்சம் 63 லட்சம். சால்வேஜ் விற்ற தொகை 5 லட்சம் போக 58 லட்சம். இப்போது ஆவரேஜ். இங்கே அவர் மொத்தச் சரக்கு 1 கோடியே 50 லட்சம் என்று வியாபாரியே எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொள்கிறார். 58 லட்சத்தை 120-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 46 லட்சத்து 40 ஆயிரம். பாலிசியின் கட்டாயக் கழிவு 10 ஆயிரம் போக 46 லட்சத்து 30 ஆயிரம்.

இந்த அறிக்கையில் உள்ள பிழையைப் பாருங்கள். எரிந்தது எவ்வளவு என்று பார்க்கும்போது குடோனில் 1 கோடியே 30 லட்சம் சரக்கு. ஆவரேஜ் போடும்போது அதே குடோனில் 1 கோடியே 50 லட்சம். ஒரே நாள், ஒரே குடோன், ஒரே அறிக்கை, இரண்டு இருப்புகள். ஒவ்வொரு இடத்திலும் வியாபாரிக்குப் பாதகமான எண்ணே எடுக்கப்பட்டிருக்கிறது. சர்வேயர் அறிக்கை வந்ததும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: நஷ்டத்துக்கு எடுத்த மொத்த இருப்பும் ஆவரேஜுக்கு எடுத்த மொத்த இருப்பும் ஒன்றுதானா?

வியாபாரியின் பக்கத்திலும் பிழை உண்டு. அவர் 90 லட்சம் கேட்கிறார். கையில் வந்தது 46. ஆகவே தகராறு 44 லட்சத்துக்கு என்று நினைக்கிறார். அவர் சொன்ன அத்தனையையும் நடுவர் அப்படியே ஒப்புக்கொண்டால் என்ன கிடைக்கும்? 90 லட்சத்தில் சால்வேஜ் 5 லட்சம் போக 85. அதற்கு ஆவரேஜ்: 120-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 68 லட்சம். கட்டாயக் கழிவு போக 67 லட்சத்து 90 ஆயிரம். ஆக உண்மையான தகராறு 21 லட்சத்து 60 ஆயிரம்தான். சரக்கு இருப்பை எவ்வளவு உயர்த்திக் காட்டுகிறாரோ அவ்வளவுக்கு ஆவரேஜும் ஏறும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நடுவரிடம் போகக் கூடாது.

நடுவர் என்ன செய்வார்? மூன்று வருடத் தணிக்கைக் கணக்கைப் பார்த்து, சராசரி லாபம் 13 சதவீதம் என்று முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 3 கோடியே 48 லட்சம். இருப்பு 1 கோடியே 42 லட்சம். எரிந்தது 82 லட்சம். பழைய சரக்கு என்று பொத்தாம்பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு கழிப்பதை அவர் ஏற்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நகராமல் கிடந்தது என்று பதிவேட்டில் தெரிகிற 2 லட்சத்தை மட்டும் கழிக்கிறார். எரிந்தது 80 லட்சம், மொத்த இருப்பு 1 கோடியே 40 லட்சம் ஆகிறது. இரண்டு இடத்திலும் ஒரே இருப்பு. சால்வேஜ் போக 75 லட்சம். ஆவரேஜ் போட்டால் 64 லட்சத்து 28 ஆயிரத்து 571. கட்டாயக் கழிவு போக 64 லட்சத்து 18 ஆயிரத்து 571. சர்வேயர் கொடுத்ததை விட ஏறக்குறைய 18 லட்சம் கூடுதல். இதில் எந்தப் படியிலும் சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை. பில்களும் பதிவேடுகளும் வகுத்தலும்தான். நடுவர் ஷரத்தின் இயல்பான வேலை இதுவே.

இதே குடோன் 2021 ஏப்ரல் 1 அன்று வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் இருந்திருந்தால் இன்னொரு திருப்பம் உண்டு. 5 கோடி வரையிலான சொத்துக்கான அந்தப் பாலிசியில், குறைக் காப்பீடு 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஆவரேஜே கிடையாது. இருப்பு 1 கோடியே 40 லட்சம் என்றால் குறை 14 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆவரேஜ் வராது. 1 கோடியே 50 லட்சம் என்றால் குறை 20 சதவீதம். ஆவரேஜ் முழுதாக விழும். இருப்பைப் பற்றிய சண்டை அங்கே இன்னும் கூர்மையாகிறது.

சர்வேயர் அறிக்கை இறுதியானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2009-இல் 'நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார்' வழக்கில், சர்வேயர் அறிக்கை கிளெய்மைத் தீர்க்க அடிப்படையாகலாம், ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாது, மாற்ற முடியாததும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அறிக்கையை உடைக்க வேண்டுமானால் எந்த வரியில், எந்த எண், ஏன் தவறு என்று காட்ட வேண்டும். "மிகக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள்" என்பது வாதமாகாது.

அடுத்து வருவது டிஸ்சார்ஜ் வவுச்சர். முழுத் திருப்தியுடன், இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது வணிகர் கையெழுத்துப் போடுகிறார். பிறகு நடுவரைக் கேட்க முடியுமா? 2008-இல் 'நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் போகாரா பாலிஃபேப்' வழக்கில், கட்டாயத்தில் வாங்கிய வவுச்சர் நடுவர் விசாரணையைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-இல் 'நியூ இந்தியா எதிர் ஜீனஸ் பவர்' வழக்கில், விவரமும் ஆதாரமும் இல்லாமல் கட்டாயம் என்று வெறுமனே சொன்னால் போதாது என்றது. 2024 ஜூலையில் 'எஸ்.பி.ஐ. ஜெனரல் எதிர் கிரிஷ் ஸ்பின்னிங்' வழக்கில், வவுச்சர் உண்மையான சம்மதமா கட்டாயமா என்பதை நடுவரே விசாரிக்கட்டும், நியமிக்கும் நீதிமன்றம் அதற்குள் நுழைய வேண்டாம் என்று முடித்தது. அதற்கு முன்பே, 2015 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., வவுச்சரைக் காட்டிக் கூடுதல் தொகை கேட்கும் உரிமையை அடைக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது.

இதனால் நமக்குத் தெரிவது: கையெழுத்துப் போட நேர்ந்தால், ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே அல்லது மறுநாளே மின்னஞ்சலில் அதைப் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதும் கடிதத்தை நடுவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நடுவர் விசாரணை நோட்டீஸில் தொடங்குகிறது. பாலிசி எண், ஷரத்து, நிறுவனம் பொறுப்பை ஏற்ற கடிதத்தின் தேதி, தகராறான தொகை, நீங்கள் முன்மொழியும் ஒற்றை நடுவரின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளில் நடுவர் நடவடிக்கை தொடங்கியதாக 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. காலக்கெடு கணக்குக்கு அந்த நாள் முக்கியம். 30 நாட்களில் ஒற்றை நடுவரில் உடன்பாடு வராவிட்டால், தரப்புக்கு ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவர் என்று மூவர் அமர்வு. எதிர்த்தரப்பு ஆளை நியமிக்காவிட்டால் 11-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு நிறுவனத்தின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக உட்கார முடியாது.

ஒருவரா மூவரா என்பது செலவிலும் பெரிய வித்தியாசம். சட்டத்தின் நான்காவது அட்டவணை ஒரு மாதிரிக் கட்டண அளவைத் தருகிறது. நம் உதாரணத்தின் 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு அதன்படி ஒரு நடுவருக்கு 1,02,300 ரூபாய். ஒற்றை நடுவருக்குக் கால் பங்கு கூடுதல் என்பதால் 1,27,875. மூவர் என்றால் 3,06,900. வழக்கறிஞர் கட்டணம், சாட்சிக் கணக்காளர் செலவு எல்லாம் தனி. ஆகவே சிறிய தகராறில் ஒற்றை நடுவருக்கு ஒத்துக்கொள்வது இரு தரப்புக்கும் லாபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் 34-ஆம் பிரிவில் பார்க்கும்போது லாபம் 13 சதவீதமா 14 சதவீதமா என்று மறுபடி கணக்குப் போடாது. மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தப் பில்லையும் பதிவேட்டையும் வைத்திருக்காதீர்கள். எல்லாம் நடுவர் முன்பே போக வேண்டும்.

நடுவர் ஷரத்து இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடுவதில்லை. 2023-இல் 'நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஹர்சோலியா மோட்டார்ஸ்' வழக்கில், வணிக நிறுவனம் எடுத்த தீக் காப்பீடு லாபம் ஈட்டுவதற்கல்ல, நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கே, ஆகவே அந்த நிறுவனமும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் லாப விகிதம், பதிவேடுகள், சாட்சிக் குறுக்கு விசாரணை என்று கணக்கு சிக்கலாகும்போது, சுருக்க விசாரணைக்கு உரிய ஆணையம் அதற்குத் தோதான இடமல்ல.

கடைசியாக, இன்று பாலிசி எடுக்கிறவர்களுக்கு. 2023 அக்டோபர் 27 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடுவர் ஷரத்தையே மாற்றிவிட்டது. தனிநபர் பாலிசிகளிலிருந்து அதை நீக்கியது. வணிக பாலிசிகளில், இரு தரப்பும் விரும்பினால் தனியாக நடுவர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று மட்டும் வைத்தது. தொகை, பொறுப்பு என்ற பழைய பிரிவினை அந்த வாசகத்தில் இல்லை. எல்லாத் தகராறும் அதற்குள் வரலாம். இது நன்மை. ஆனால் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் நடுவர் வழியே இல்லை. தீப்பிடித்து, கிளெய்மில் முரண்பட்ட பிறகு நிறுவனம் அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் என்று நான் நம்பவில்லை. அந்த நேரத்தில் தாமதம் அவர்களுக்குச் சாதகம்.

ஆகவே நான் வணிகர் சங்கங்களிடம் வேண்டுவது இதுதான். ஒருவர் தனியாகக் கேட்டால் நிறுவனம் அசையாது, சங்கமாகக் கேளுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போதே, பிரீமியம் கட்டுவதற்கு முன்பே, ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பிட்ட தொகை வரையிலான தகராறுக்கு ஒற்றை நடுவர். விசாரணை நம் ஊரில். பொறுப்பும் தொகையும் இரண்டுமே நடுவருக்கு உரியவை. ஒப்புக்கொண்ட தொகையை நிறுவனம் உடனே கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வாதாட வேண்டும். இந்த நான்கும் அதில் இருக்கட்டும்.